"1,200 பிழைகள் கண்டுபிடித்தேன்" என்ற வரியை ஏன் யாரும் நம்புவதில்லை? டெஸ்டர் ரெஸ்யூம் பற்றிய கேள்வி பதில்

பதினைந்து ஆண்டுகள் டெஸ்டிங்கில் இருந்துவிட்டு, இப்போது ஆள் எடுக்கும் நேர்காணல்களிலும் அமர்கிறேன். நல்ல டெஸ்டர்கள் தங்கள் வேலையைத் தாங்களே சிறியதாகக் காட்டும் ரெஸ்யூம்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

நான்கு ஆண்டுகளாக மேனுவல் டெஸ்டர். ரெஸ்யூமின் முதல் வரியே "1,200க்கும் மேற்பட்ட பிழைகளைக் கண்டுபிடித்தேன்" என்பதுதான். ஓர் அழைப்புகூட வரவில்லை. எண்ணிக்கை போதவில்லையா?

எண்ணிக்கை போதும். அதைப் படிப்பவருக்கு அதிலிருந்து எதுவும் தெரியவில்லை என்பதுதான் சிக்கல். நான்கு ஆண்டுகளில் 1,200 என்றால் ஆண்டுக்கு 300, வேலை நாளுக்கு ஒன்றுக்கும் மேல். அந்த மென்பொருள் அவ்வளவு மோசமாக இருந்ததா, அல்லது பொத்தானின் நிறம், எழுத்துப்பிழை எல்லாம் சேர்த்து எண்ணியதா என்ற சந்தேகம் எனக்கு உடனே வரும். பதில் ரெஸ்யூமில் இல்லாததால் அடுத்த ரெஸ்யூமுக்குப் போய்விடுவேன்.

நான்கு ஆண்டுக் கணக்கை விடுங்கள். கடைசி ஆறு ரிலீஸ்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜிராவில் உங்கள் பதிவுகளை இப்படித் தேடலாம். PAY என்ற இடத்தில் உங்கள் புராஜெக்டின் குறியீட்டைப் போடுங்கள்.

```
project = PAY AND issuetype = Bug AND reporter = currentUser()
```

வந்த பட்டியலில் அந்த ஆறு ரிலீஸ்களுக்கு உரியவற்றை மட்டும் எடுத்து, அவற்றை எப்படி முடித்துவைத்தார்கள் என்பதைப் பார்த்துப் பிரியுங்கள்: உண்மையில் திருத்தியவை எத்தனை, ஏற்கெனவே வேறொருவர் பதிந்தவை எத்தனை, "இது பிழையே இல்லை" என்று திருப்பி அனுப்பியவை எத்தனை. அதே ரிலீஸ்களில் வாடிக்கையாளர் கண்டுபிடித்துப் புகார் சொன்ன பிழைகளையும் தனியாக எண்ணி எனக்கு எழுதுங்கள்.

எண்ணிப் பார்த்தேன். பதிந்தவை 212. இரட்டைப் பதிவு 41, திருப்பி அனுப்பியவை 31, ஆக ஏற்றுக்கொண்டவை 140. அவற்றில் 12 மிகக் கடுமையானவை. வாடிக்கையாளரிடம் தப்பிப் போனவை 10. அந்தப் பத்தை மறைத்துவிடலாமா?

வேண்டாம். அந்தப் பத்துதான் மற்ற எண்களுக்கு நம்பகத்தன்மை கொடுக்கிறது. மொத்தம் வெளிப்பட்ட 150 பிழைகளில் 140 ரிலீஸுக்கு முன்பே சிக்கியிருக்கின்றன. அதாவது சுமார் 93 விழுக்காடு. ஒன்றும் தப்பவில்லை என்று சொல்பவரைவிட, பத்து தப்பியது, ஏன் தப்பியது என்று சொல்பவரிடம்தான் எனக்குப் பேசத் தோன்றும்.

ஆனால் இரண்டு விஷயங்களை உறுதி செய்துகொள்ளுங்கள். முதலாவது, தப்பியவற்றை எத்தனை நாள்வரை எண்ணினீர்கள்? நேற்று வெளியான ரிலீஸில் இன்று புகார் குறைவாகத்தான் இருக்கும். எல்லா ரிலீஸுக்கும் ஒரே அளவுகோல் வேண்டும். நான் 90 நாள் வைத்துக்கொள்வேன். அந்த நாள்கள் முடியாத ரிலீஸைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டாவது, அந்தப் பத்தும் நீங்கள் சோதித்த பகுதியில் வந்தவைதானா?

திருப்பி அனுப்பிய 31ஐயும் திறந்து பாருங்கள். ஏழில் ஒன்று திரும்பியிருக்கிறது. தேவைக் குறிப்பு தெளிவில்லாததால் திரும்பியவை அவற்றில் நிறைய இருந்தால், நேர்காணலில் அதைச் சொல்லலாம். நீங்கள் குறிப்பைப் படிக்காமல் பதிந்தவை என்றால், அதுவும் உங்களுக்குத் தெரிய வேண்டியதுதான்.

இனி அந்தப் பன்னிரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கதையாக எழுதுங்கள். நான் கண்டுபிடித்த ஒன்றைச் சொல்கிறேன். பணம் செலுத்தும் பக்கத்தில் பொத்தானை அழுத்தியவுடன் இணைய இணைப்பைத் துண்டித்தேன். திரையில் "மீண்டும் முயலவும்" என்று வந்தது. இணைப்பைக் கொடுத்து மீண்டும் அழுத்தினேன். முதல் வேண்டுகோள் சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது, பதில் மட்டும்தான் திரும்பி வரவில்லை. கணக்கில் இரண்டு முறை பணம் போய்விட்டது. ஒவ்வொரு கட்டணத்துக்கும் ஒரு தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிதாகக் கழிக்காதபடி திருத்தினார்கள். இதை ரெஸ்யூமில் இரண்டு வரியில் எழுதலாம்:

"இணைப்பு அறுந்து மீண்டும் முயலும்போது பணம் இருமுறை கழிவதை ரிலீஸுக்கு முன்பே கண்டறிந்தேன். அதன்பின் இணைப்பு அறுதல் எல்லாக் கட்டணப் பக்கங்களுக்கும் நிரந்தரச் சோதனையாகச் சேர்ந்தது."

இதைப் படிக்கும் மேலாளருக்கு, நீங்கள் எப்படி யோசிப்பவர் என்பது புரிந்துவிடும். 1,200 என்ற எண் அதைச் சொல்லாது.

டெஸ்ட் லீடாக இருக்கிறேன். இந்த 93 விழுக்காடு குழுவின் எண். தனி ஆளின் ரெஸ்யூமில் போடுவது சரியல்ல. எங்கள் இடத்தில் இதை மதிப்பீட்டுக்குப் பயன்படுத்தத் தொடங்கியதும், தப்பிய பிழைகளை எல்லாம் "புதிய கோரிக்கை" என்று பெயர் மாற்றி வைத்தார்கள்.

நீங்கள் சொல்வது நடக்கிறது, நானும் பார்த்திருக்கிறேன். அளவீட்டைச் சம்பளத்தோடு கட்டினால் பெயர்கள் மாறத் தொடங்கிவிடும். அதனால்தான் ரெஸ்யூமில் விழுக்காட்டைத் தனியாக நிறுத்தாமல், "மூவர் குழுவில், கட்டணப் பகுதி என் பொறுப்பில்" என்று சேர்த்து எழுதச் சொல்கிறேன். தப்பிய பிழையின் பங்கை ஒருவருக்கு எப்படிப் பிரிப்பது என்பதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. பகுதி தெளிவாகப் பிரிந்திருந்தால் போடலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம் என்பதே என் எண்ணம். நீங்கள் விட்டுவிடுவதே நல்லது என்கிறீர்கள். அதையும் தவறென்று சொல்லமாட்டேன்.

எங்கள் யூனிட் டெஸ்ட் அறிக்கையில் கோட் கவரேஜ் 100 விழுக்காடு. அதைவிட மேலே எதுவும் இல்லை, அதை ரெஸ்யூமில் பெரிய எழுத்தில் போடலாம்தானே?

100க்கு மேல் எண் இல்லை என்பது சரி. எதில் 100 என்பதுதான் கேள்வி. இந்தச் சிறு நிரலைப் பாருங்கள்.

```python
def fee(amount, member):
    rate = 0.10
    if member:
        rate = 0.05
    return amount * rate
```

`member` உண்மை என்று வைத்து ஒரே ஒரு சோதனையை ஓட்டினால் எல்லா வரிகளும் ஓடிவிடும். வரிக் கவரேஜ் 100 என்று அறிக்கை வரும். உறுப்பினர் அல்லாதவருக்கு என்ன கட்டணம் வருகிறது என்று யாரும் சோதிக்கவே இல்லை. கிளைக் கவரேஜ் எடுத்திருந்தால் இரண்டு வழிகளில் ஒன்றுதான் நடந்தது என்று தெரிந்திருக்கும். இன்னும் மோசமாக, சோதனை நிரலை ஓட்டிவிட்டு வந்த விடையைச் சரிபார்க்காமலே முடிந்தாலும் அந்த 100 அப்படியே இருக்கும். ஓடியது என்பதைத்தான் கவரேஜ் சொல்கிறது. சரியாக ஓடியது என்பதைச் சொல்வதில்லை.

ரெஸ்யூமில் எந்தக் கவரேஜ் என்று பெயர் சொல்லி, எதை விட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். "கட்டணப் பகுதியில் கிளைக் கவரேஜை 58இலிருந்து 84க்கு உயர்த்தினோம், மீதியில் பெரும்பாலானவை அடுத்த ரிலீஸில் நீக்கப்படும் பழைய வடிவம்" என்று ஒருவர் எழுதினால், அவருக்குத் தன் மென்பொருள் தெரியும் என்று நான் நம்புவேன். எண்கள் உங்களுடையவையாக இருக்க வேண்டும், இவை மாதிரிக்கு.

கவரேஜ் என்றால் எத்தனை பிரவுசர், எத்தனை போன்களில் சோதித்தோம் என்பதுதானே? நான் 5 பிரவுசர், 9 போன்கள் என்று எழுதியிருக்கிறேன்.

மேலே பேசியது நிரலின் கவரேஜ். நீங்கள் சொல்வதும் கவரேஜ்தான், வேறு வகை. அந்த ஒன்பது போன்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? பயனாளர்கள் எவற்றில் வருகிறார்கள் என்று பார்த்து எடுத்தீர்கள் என்றால் அதை எழுதுங்கள். அலுவலகத்தில் இருந்த போன்கள் என்றால் எண்ணிக்கையை விட்டுவிடுங்கள்.

செலினியத்தில் 800 ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். ஆனால் நேர்காணலில் "அதனால் என்ன மாறியது?" என்று கேட்டதும் தடுமாறிவிட்டேன்.

ஸ்கிரிப்ட் எண்ணிக்கை நீங்கள் செய்த உழைப்பு. மேலாளர் கேட்பது ரிலீஸ் எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு நிம்மதியாகப் போனது என்பதை. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ரிக்ரஷனில் 340 சோதனைகள். இருவர் மூன்று நாள் கையால் செய்தார்கள், அதாவது ஆறு ஆள்நாள். 220 சோதனைகளை ஆட்டோமேஷனுக்கு மாற்றியபின் அவை இரவில் 50 நிமிடத்தில் ஓடி முடிகின்றன. மீதி 120க்கு இருவருக்கும் ஒரு நாளுக்குச் சற்று மேல், ஏறத்தாழ இரண்டு ஆள்நாள். ஆக ஒரு ரிலீஸுக்கு நான்கு ஆள்நாள் மிச்சம் என்று தோன்றும். ஆனால் திரை மாறும்போதெல்லாம் ஸ்கிரிப்ட்டைத் திருத்த அரை நாள் போகிறது. காலையில் தோல்விகளை ஆராய இன்னும் அரை நாள். உண்மையான மிச்சம் மூன்று. அந்த மூன்றைச் சொல்லுங்கள். கழித்துச் சொல்பவரை மறுகேள்வி கேட்டு மடக்க முடியாது.

இரவில் தோன்றும் சிவப்புகளில் எத்தனை உண்மையான பிழை என்பதையும் கண்டிப்பாகக் கேட்பார்கள். ஒரே நிரல் ஒரு முறை தேறி மறுமுறை தோற்றால், சில வாரங்களில் குழு அறிக்கையைத் திறப்பதையே நிறுத்திவிடும். பெரும்பாலும் காரணம் நேரம்தான். நிரலில் `Thread.sleep(5000)` நிறைய இருந்தால், பக்கம் ஆறு நொடி எடுக்கும் நாளில் தோற்கும், ஒரு நொடியில் வரும் நாளில் நான்கு நொடி வீணாகும். குறிப்பிட்ட உறுப்பு வரும்வரை காத்திருக்கும் முறைக்கு மாற்றுங்கள்:

```java
new WebDriverWait(driver, Duration.ofSeconds(10))
    .until(ExpectedConditions.elementToBeClickable(By.id("pay")));
```

இதை மாற்றியபின் காரணமில்லாத தோல்விகள் வாரத்துக்கு எத்தனையிலிருந்து எத்தனைக்குக் குறைந்தன என்று இப்போதிருந்தே குறித்துவையுங்கள். உங்கள் 800ஐவிட அந்த ஒரு குறிப்பு பெரிதாகப் பேசும்.

நான் ஆள் எடுக்கும் பக்கத்தில் இருக்கிறேன். கிட்ஹப்பில் ஒரு மாதிரி புராஜெக்ட் இருந்தால் போதுமா, அல்லது உண்மை வேலையைக் கேட்பீர்களா?

நிறுவனத்தின் நிரலைக் காட்டச் சொல்லவே கூடாது. ரகசிய ஒப்பந்தத்தை மீறி ஒருவர் காட்டினால் அவரை நான் எடுக்கத் தயங்குவேன். பயிற்சிக்கென்று திறந்திருக்கும் இணையதளத்துக்கு எழுதிய 15 சோதனைகள் போதும். நான் அதை இறக்கி ஓட்டிப் பார்ப்பேன். ஒரு சோதனையை வேண்டுமென்றே தோற்கடித்து, வரும் செய்தியிலிருந்து எங்கே தவறு என்று புரிகிறதா என்றும் பார்ப்பேன். அதில் நிறையப் பேர் தடுக்கிவிடுகிறார்கள்.

பழைய வேலையை விட்டு வந்துவிட்டேன். ஜிராவில் நுழைய முடியாது. எந்த எண்ணும் என்னிடம் இல்லை.

அப்படியானால் எண் எழுதாதீர்கள். தோராயமாக ஊகித்து எழுதிய எண் இரண்டாவது கேள்வியிலேயே உடையும். நினைவில் நிற்கும் இரண்டு பிழைகளை, எங்கே சந்தேகம் வந்தது, எப்படி மீண்டும் வரவழைத்தீர்கள், என்ன மாறியது என்று எழுதுங்கள். வாடிக்கையாளர் பெயரையும் உள் விவரங்களையும் எடுத்துவிடுங்கள். புதிய இடத்தில் முதல் ரிலீஸிலிருந்தே நான்கு எண்களை மட்டும் ஒரு நோட்டில் குறியுங்கள்: ஏற்றுக்கொண்டவை, திரும்பியவை, தப்பியவை, ரிக்ரஷனுக்கு ஆன நேரம்.