நோ காஸ்ட் இஎம்ஐ: 30,000 ரூபாய் போனுக்குக் கையிலிருந்து போவது எவ்வளவு?

கேள்வி: 30,000 ரூபாய் போன் ஒன்றை கிரெடிட் கார்டில் 6 மாத நோ காஸ்ட் இஎம்ஐயில் வாங்கலாம் என்றிருக்கிறேன். ப்ராசசிங் ஃபீஸ் 199 ரூபாய்தான். மொத்தமாகக் கட்டினால் 1,500 ரூபாய் தள்ளுபடி உண்டு, இஎம்ஐக்குக் கிடையாது என்கிறார்கள். வட்டியே இல்லாதபோது தவணைதானே லாபம்?

பதில்: லாபமில்லை. இந்தக் கணக்கில் மொத்தமாகக் கட்டுவதைவிட 1,964 ரூபாய் கூடுதலாகப் போகும்.

முதலில் ஒன்று: வங்கி உங்களிடம் வட்டி வாங்கத்தான் செய்கிறது. சுழிய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. நடைமுறையில், வரப்போகும் வட்டிக்குச் சமமான தொகையை விற்பவர் முன்கூட்டியே விலையில் கழித்துவிடுகிறார். ஆண்டு வட்டி 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கார்டில் ஏறும் கடன் 28,730 ரூபாய். அதற்கு ஆறு மாத வட்டி 1,270. இரண்டும் சேர்ந்து 30,000. மாதம் 5,000 வீதம் ஆறு தவணை. விளம்பரம் இதுவரைக்கும் உண்மைதான்.

அதற்கு அப்பால் வருவதுதான் உங்கள் செலவு. கிரெடிட் கார்டு வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. விற்பவர் கழித்துத் தருவது வட்டியை மட்டும்தான். அதன் மீதான வரியை அல்ல. 1,270க்கு வரி 229 ரூபாய். இது ஒரே தடவையாக வராது. முதல் பில்லில் 65, அடுத்ததில் 54, கடைசியில் 11 என்று தேய்ந்துகொண்டே வரும். அதனால்தான் பலர் கண்ணில் படுவதே இல்லை. ப்ராசசிங் ஃபீஸ் 199க்கும் வரி உண்டு. அதையும் சேர்த்தால் 235. ஆக 30,000 ரூபாய் 30,464 ஆகிறது.

இந்த 464 ரூபாய் பெரிய பாரமில்லை. உண்மையான அடி, விட்டுப்போன அந்த 1,500 ரூபாய்த் தள்ளுபடி. மொத்தமாகக் கட்டுபவருக்கு அந்தப் போனின் விலை 28,500 தான். அப்படியானால் கார்டில் எது ஏறினாலும், நீங்கள் உண்மையில் கடனாகப் பெறுவதும் 28,500 தான். திருப்பித் தருவது 30,464. எந்த விலையோடு ஒப்பிட வேண்டும் என்பதில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். பெட்டியில் அச்சிட்ட விலையோடும் வேண்டாம், தவணைப் பக்கத்தில் காட்டும் விலையோடும் வேண்டாம். இன்றைக்கு ஒரே தடவையில் கட்டினால் எவ்வளவு குறைவாக வாங்க முடியும் என்ற தொகைதான் கணக்கின் தொடக்கம்.

1,964 என்பது 28,500இல் 6.9 சதவீதம். ஆறு மாதத்துக்கு 6.9 என்றால் ஆண்டுக்கு 13.8 தானே என்று தோன்றும். அப்படியில்லை. மாதாமாதம் திருப்பிக் கட்டுவதால் முழுப் பணமும் ஆறு மாதம் உங்களிடம் இருப்பதில்லை. சராசரியாக மூன்றரை மாதம்தான் இருக்கிறது. அதனால் இப்படிப் போடுங்கள்: கூடுதல் சதவீதத்தை 24ஆல் பெருக்கி, தவணை எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி அதனால் வகுக்க வேண்டும். 6.9 × 24 ÷ 7 = 23.7. ஏறத்தாழ ஆண்டுக்கு 23 முதல் 24 சதவீத வட்டிக் கடன் இது. தள்ளுபடி எதுவும் கைநழுவவில்லை என்றால் அதே கணக்கில் 5 சதவீதத்துக்குச் சற்று மேலேதான் வரும். அப்போது தயங்காமல் எடுக்கலாம்.

பணம் கட்டும் பக்கத்தில் கார்டையும் மாதத்தையும் தேர்ந்தெடுத்ததும், வங்கி வட்டியையும் அதற்கான தள்ளுபடியையும் விரித்துக் காட்டுவார்கள். இரண்டு தொகையும் சமமா என்று பாருங்கள். சில சமயம் 3, 6 மாதத்துக்கு மட்டும் சமமாக இருக்கும்; 9, 12 மாதத்துக்குப் போனால் வட்டியில் ஒரு பகுதி உங்கள் தலையில் விழும். பிறகு பின்னால் போய், முழுத்தொகை கட்டும் வழியைத் தேர்ந்தெடுத்து இறுதி விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். கார்டின் ரிவார்டு பாயிண்ட் பெரும்பாலும் இஎம்ஐக்குக் கிடைப்பதில்லை. அதையும் சேர்த்துப் பாருங்கள்.

போனைத் திருப்பித் தர நேர்ந்தால் கவனம் தேவை. விற்பவர் திருப்பி அனுப்புவது 28,730 ரூபாய். கட்டிவிட்ட ப்ராசசிங் ஃபீஸும் வரியும் பொதுவாகத் திரும்பாது. பணம் வந்தும் அடுத்த பில்லில் தவணை தொடர்ந்தால், வங்கியை அழைத்து இஎம்ஐயை ரத்து செய்யச் சொல்ல வேண்டும்.

கார்டில்லாமல் கடையிலேயே நிதி நிறுவனக் கடனாக எடுத்தால் வட்டிக்கு ஜிஎஸ்டி இல்லை. கட்டணங்களுக்கு மட்டும் உண்டு. 2024 அக்டோபர் முதல் இத்தகைய கடன்களுக்கு, எல்லாக் கட்டணத்தையும் சேர்த்த ஆண்டு விகிதத்தைக் காட்டும் முக்கிய விவரத் தாளைக் கட்டாயம் தர வேண்டும். கையெழுத்துக்கு முன் கேட்டு வாங்குங்கள். ஆனால் அந்தத் தாளிலும் நீங்கள் இழந்த தள்ளுபடி இருக்காது. கிரெடிட் கார்டு இஎம்ஐக்கோ அந்தத் தாள் கட்டாயமில்லை.