அம்மாவின் நாற்காலியிலிருந்து பாருங்கள்

கேள்வி: ஹாலுக்கு 55 அங்குல டிவி வாங்கப் போகிறோம். கடையில் திரை உள்பக்கமாக வளைந்த கர்வ்டு டிவி ஒன்று தள்ளுபடியில் இருக்கிறது. எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் நன்றாகத் தெரியும் என்கிறார்கள். நானும் மனைவியும் மகனும் எதிரே 9 அடியில் சோபாவில் இருப்போம். அம்மா மட்டும் சமையலறை வாசல் ஓரமாக நாற்காலி போட்டுப் பார்ப்பார். அவருக்கு அது பழகிவிட்டது. கர்வ்டா, ஃப்ளாட்டா?
– வாசகர், மதுரை

பதில்: "பழகிவிட்டது" என்று சொன்னது யார் தம்பி? அம்மாவா, நீங்களா? இது எனக்கு அடிக்கடி வரும் கேள்விதான். எல்லாக் கடிதத்திலும் யாராவது ஒருவர் ஓரத்தில் இருப்பார். அது பெரும்பாலும் வீட்டில் மூத்த பெண்ணாக இருப்பார்.

கடைக்காரர் சொன்னதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 55 அங்குல டிவியின் அகலம் சுமார் 4 அடி. கர்வ்டு டிவிகளில் அதிகம் வந்தது 4200ஆர் வளைவு, அதாவது 4.2 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. இதில் இரண்டு ஓரங்களும் சுமார் 8 டிகிரி உள்பக்கம் திரும்பியிருக்கும். சோபாவின் நடுவில் இருக்கும் உங்களுக்கு ஃப்ளாட் திரையின் ஓரம் 12 டிகிரி சாய்வில் தெரியும், கர்வ்டில் அது 4 டிகிரியாகக் குறையும். ஆனால் சாதாரண டிவியில்கூட 12 டிகிரியில் படம் கெடாது. ஆகவே உங்களுக்கே பெரிய லாபம் இல்லை.

அம்மாவின் நாற்காலி டிவிக்கு 5 அடி முன்னால், 5 அடி பக்கவாட்டில் என்று வையுங்கள். அவர் பார்ப்பது 45 டிகிரி கோணத்தில். வளைவினால் தூரத்து ஓரம் அவர் பக்கம் 8 டிகிரி திரும்பும், கிட்டத்து ஓரம் அதே 8 டிகிரி அவரை விட்டு விலகும். நடுவில் 45 டிகிரி அப்படியே இருக்கும். அதோடு திரையின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் வில் மாதிரி வளைந்து தெரியும். ஜன்னல் வெளிச்சம் விழுந்தால் அதுவும் அகலமாக இழுபட்டுத் தெரியும். மேஜையில் தனியாக உட்கார்ந்து வேலை பார்ப்பவரின் மானிட்டருக்கு வளைவு நல்லது. ஒரு குடும்பம் சேர்ந்து பார்க்கும் ஹாலுக்கு அது தேவையில்லை.

ஃப்ளாட் வாங்குங்கள். அதிலும் பேனலை, அதாவது படம் காட்டும் திரை எந்த வகை என்பதைப் பார்த்து வாங்குங்கள். எல்சிடி டிவிகளில் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு வகை உண்டு. விஏ பேனலில் நேரே பார்த்தால் கருப்பு ஆழமாக இருக்கும், பக்கவாட்டில் போனால் வெளுத்துவிடும். கர்வ்டு எல்சிடி டிவிகளில் பெரும்பாலும் இருந்ததும் இதே விஏதான். ஐபிஎஸ் பேனல் ஓரத்திலும் நிறத்தைக் காக்கும், ஆனால் விளக்கை அணைத்தால் கருப்பு சற்றுச் சாம்பலாகத் தெரியும். விளக்கு எரியும் ஹாலில் அது ஒரு குறையே இல்லை. பணம் இருந்தால் ஓஎல்இடி வாங்கலாம், அதில் இரண்டு குறையும் இல்லை.

பெட்டியில் பேனல் பெயர் போட்டிருக்காவிட்டால், இருட்டுக் காட்சியில் ஒரு முகம் வரும் வீடியோவை ஓடவிடச் சொல்லி, 45 டிகிரி நகர்ந்து நின்று பாருங்கள். முகம் வெளிறினால் அந்த டிவி வேண்டாம்.

அப்புறம், அடுப்பைப் பார்த்துக்கொண்டே சீரியல் பார்க்க வேண்டியிருப்பதால்தான் அம்மா வாசலில் உட்காருகிறார். அந்த ஒரு மணி நேரம் அடுப்பை நீங்களோ உங்கள் மகனோ பார்த்துக்கொள்ளுங்கள். சோபாவின் நடு இடம் அவருக்கு. கடைக்கும் அவரை அழைத்துப் போங்கள்.