25% தள்ளுபடி கொடுத்தால் 35% நிற்குமா?

"அடக்க விலைமேல் 60% வைத்து விற்கிறேன். பண்டிகை சீசனுக்கு எல்லாவற்றுக்கும் 25% தள்ளுபடி போட்டாலும் 35% லாபம் நிற்கும்தானே? அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம்?"

நிற்காது. நீங்கள் ஏற்றிய 60% அடக்க விலையின் மேல், தள்ளுபடியோ விற்பனை விலையிலிருந்து கழிகிறது. அடக்கம் 100 என்றால் விலை 160, அதில் 25% என்பது 40, ஆக கைக்கு வருவது 120, கையில் நிற்பது வெறும் 20. அதையும் முழுசாக எண்ணிவிடாதீர்கள், ஏனென்றால் பேக்கிங், டெலிவரிக்கு 8, பணம் வாங்கித் தரும் கட்டணம் 2% என்று வைத்தால் இன்னும் 10.40 போய் மீதி 9.60தான். விலை வரி உட்பட என்றால் வரியைக் கழித்துவிட்டு இந்தக் கணக்கைப் போடுங்கள்.

இதே செலவுகளோடு பார்த்தால் சுமார் 31% தள்ளுபடியில் ஒரு பீஸுக்கு லாபம் பூஜ்யம். பலரும் இதைத்தான் எல்லை என்று நினைக்கிறார்கள், ஆனால் உண்மையான எல்லை அதற்கு வெகு முன்பே வந்துவிடுகிறது.

தள்ளுபடி இல்லாமல் ஒரு பீஸில் உங்களுக்கு நிற்பது 48.80. சீசனில் சும்மாவே 200 பீஸ் போகும் என்றால் மொத்தம் 9,760. இதே தொகையை 25% தள்ளுபடியில் எடுக்க 1,017 பீஸ் விற்க வேண்டும், அதாவது ஐந்து மடங்கு, அவ்வளவு சரக்கும் ஆளும் இருக்கிறதா? 15% என்றால் ஒரு பீஸில் 25.28 நிற்கும், 387 பீஸ் போதும். விளம்பரம், கூடுதல் ஆள் என்று தனியாக 1,500 செலவழித்தால் அது 446 ஆகும். 10%-க்கு அந்தச் செலவையும் சேர்த்தே 340தான்.

அதனால் முதலில் எத்தனை பீஸ் கூடுதலாகப் போகும் என்று போன சீசன் பில்லைப் பார்த்து நேர்மையாக ஒரு எண் எழுதுங்கள், அப்புறம் சதவீதத்தை முடிவு செய்யுங்கள். இரண்டு மடங்கு போகும் என்று நம்ப ஆதாரம் இல்லையென்றால் நான் 10% தாண்ட மாட்டேன். இன்னொன்று, சீசனில் கூட்டம் கூடியதும் அது தள்ளுபடியால் வந்தது என்று தோன்றும், ஆனால் அடுத்த மாத விற்பனை வழக்கத்தைவிடக் குறைந்தால், அடுத்த மாதம் முழு விலைக்கு வாங்கியிருக்க வேண்டியவர்களே முன்கூட்டி வாங்கிப் போயிருக்கிறார்கள். அந்தக் குறைவையும் கழித்துத்தான் லாபம் பார்க்க வேண்டும்.

"எல்லாவற்றுக்கும்" என்பதையும் விடுங்கள். தானாக ஓடும் சரக்குக்குத் தள்ளுபடியே வேண்டாம். நாள்பட்டுத் தேங்கிய சரக்குக்கு மட்டும் இந்த 31% வரம்பு பொருந்தாது, அதற்குப் போட்ட பணம் போட்டதுதான், இனி வேறு எங்கேயும் என்ன விலைக்குப் போகுமோ அதைவிட ஒரு ரூபாய் கூடக் கிடைத்தாலும் தள்ளிவிடலாம்.