சூப்பர்வைசர் ஆன அக்காவுக்கு நாலு வரி

ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில பணியாளர் பிரிவுல இருக்கேன். கம்பெனியோட ஆன்லைன் பக்கத்துல வர்ற வாழ்த்தெல்லாம் என் கை வழியாத்தான் போகும். கேட்டவங்களுக்கு என் பதில்.

"ஸ்டிச்சிங்ல செக்கரா இருந்த அக்கா சூப்பர்வைசர் ஆயிட்டாங்க. 'கடின உழைப்பாளி, அன்பானவர்'னு எழுதினேன், சப்புன்னு இருக்கு. இன்னா பண்றது?"

அந்த ரெண்டையும் எடுத்துடுங்க. அவங்க செஞ்சு நீங்க கண்ணால பாத்த ஒரு காரியத்தை வைங்க. எங்கிட்ட சொன்னீங்களே, டியூப்லைட் கீழ ஒரே கறுப்பா தெரிஞ்ச ஜோடியை ஜன்னல்கிட்ட கொண்டுபோய்ப் பிடிச்சாங்க, இடதுல லேசா பழுப்பு அடிச்சுதுன்னு. ரெண்டும் வேற வேற தோல்ல வெட்டினது. திட்டாம கட்டிங் ஆளுங்களையே ஜன்னல்கிட்ட கூட்டிட்டு வந்து காட்டினாங்க இல்ல, அதுதான் வாழ்த்து. இப்படி எழுதலாம்:

"நம் இரண்டாவது லைன் செக்கர் அக்கா 1-ஆம் தேதி முதல் அதே லைனுக்கு சூப்பர்வைசர். ஜோடியில் நிறம் மாறியிருப்பதை வெயில் வெளிச்சத்தில் கண்டுபிடித்து, கட்டிங்கில் உள்ளவர்களையே ஜன்னலருகே அழைத்துவந்து காட்டியவர். அன்றிலிருந்து ஒரு ஜோடிக்கான துண்டுகள் ஒன்றாகக் கட்டித்தான் வருகின்றன. வாழ்த்துகள் அக்கா!"

பதவிப் பேரையும் தேதியையும் ஆர்டர் லெட்டரைப் பாத்து எழுதுங்க. வாய்மொழியா கேட்டதை நம்பி ஒருமுறை 'சீனியர்'னு சேத்துப் போட்டுட்டேன். மறுநாள் அதை எடுக்கும்போது அந்தப் பையன் முகத்தைப் பாக்க முடியல.

"11 வருஷ சர்வீஸ், எந்தெந்தப் பிரிவுன்னு வரிசையா போட்டா போதாதா சார்?"

பாதி சரி. அவங்க கூடவே சேந்த எல்லாருக்கும் அதே 11 வருஷம்தானே. ஹெல்பரா வந்து, சாப்பாட்டு நேரத்துல பழைய தோல்துண்டுல மெஷின் ஓட்டிப் பழகினாங்கன்னா அந்த வருஷத்துக்கு ஒரு முகம் வரும்.

"நானும் 9 வருஷமா செக்கர்தான். 'தகுதியானவருக்கே கிடைத்தது'ன்னு போடுறாங்களே, அப்ப நாங்க?"

உங்களுக்கு ஏன் வரலைன்னு உங்க பிரிவு மேனேஜரைத்தான் நேர்ல கேக்கணும், கேளுங்க. அந்த வரியைப் பத்தி நீங்க சொல்றது நூத்துக்கு நூறு நியாயம். ஒருத்தரை வாழ்த்தி பக்கத்து சீட்டுக்காரரை அளக்குற வரி அது. எங்கிட்ட வந்தா அடிச்சிடுறேன்.

"பையர் பேரைப் போட்டு, ஆர்டரையே காப்பாத்தினாங்கன்னு எழுதலாமா?"

பையர் பேர் வேணாம், அது வெளியில போற விஷயமில்ல. சரக்கு திரும்பியிருக்குமான்னு உங்களுக்கே தெரியாதப்ப 'காப்பாத்தினாங்க'ன்னும் வேணாம். எழுதினதை முதல்ல அக்காகிட்ட படிச்சுக் காட்டுங்க. போட்டோவும் அவங்க சரின்னா மட்டும்.

"'அக்கா'ன்னு போடுறதா, 'திருமதி'யா?"

லைன்ல கூப்பிடுற மாதிரி 'அக்கா'ன்னுதான் நான் எழுதுவேன். பதவிக்கு மரியாதை வேணும், 'திருமதி'தான் சரின்னு எங்க மேனேஜர் சொல்றார். இன்னும் எங்களுக்குள்ள பேசிக்கிட்டேதான் இருக்கோம்.