வரிசையில் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிடுவது எப்படி?

கேள்வி: "லிட்டில் விதி என்றால் என்ன? சராசரிக் காத்திருப்பு நேரத்தை எளிதாகக் கண்டுபிடிக்க முடியுமா? உதாரணத்தோடு சொல்லுங்கள்."

என் அக்காவின் தையல் கடையை வைத்தே சொல்கிறேன். நான் இந்த விதியை உண்மையில் புரிந்துகொண்டது அங்கேதான்.

விதி ஒரே வரி: L = λ × W. L என்பது உள்ளே சராசரியாக எத்தனை பொருள் நிற்கிறது என்பது. λ ஒரு நாளைக்கு எத்தனை வருகிறது என்பது. W ஒவ்வொன்றும் சராசரியாக எத்தனை நாள் உள்ளே இருக்கிறது என்பது. ஜான் லிட்டில் 1961-இல் இதை நிரூபித்தார்.

இது ஏன் சரி என்பதற்கு ஒரு கற்பனை. கடையில் இருக்கும் ஒவ்வொரு துணியும் ஒரு நாளுக்கு ஒரு ரூபாய் வாடகை தருகிறது என்று வையுங்கள். தினமும் சராசரியாக 63 துணி இருந்தால் நாள் வசூல் 63 ரூபாய். அதே வசூலை வேறு விதமாகவும் எண்ணலாம். தினமும் 9 துணி புதிதாக வருகிறது, ஒவ்வொன்றும் போவதற்குள் W ரூபாய் தந்துவிடும், ஆக நாளுக்கு 9 × W. இரண்டும் ஒரே பணம்தானே? அப்படியானால் W = 63 ÷ 9 = 7 நாள். எந்தத் துணி எப்போது வந்தது என்று தேதி குறித்து வைக்கவே தேவையில்லை.

இந்த 63 எனக்கு முதலில் கிடைக்கவில்லை. பிளவுஸ் தைக்கக் கொடுத்தவர்களிடம் அக்கா "அஞ்சு நாள்ல வாங்கிக்கோங்க" என்பார். வந்து வந்து திரும்பிப் போகிறார்கள் என்று வருத்தப்பட்டார். 24 வேலை நாட்கள், கடை சாத்தும்போது அலமாரியில் இருந்த கவர்களை எண்ணினேன். துணி, அளவு பிளவுஸ், பில் எல்லாம் ஒன்றாகப் பின் அடித்த கவர்கள். சராசரி 45. பில் புத்தகத்தின்படி அந்த நாட்களில் வந்தது 216, அதாவது நாளுக்கு 9. 45 ÷ 9 = 5. அக்கா சொன்னது சரியாகத்தானே இருக்கிறது என்று குழம்பினேன்.

"தம்பி, ஹெம்மிங்குக்குப் போனதை எண்ணினியா?" என்று கேட்டார் அக்கா. அங்கேதான் விட்டிருந்தேன். கொக்கி வைக்க, ஹெம்மிங் செய்ய ஒரு அம்மா ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து 18 பிளவுஸை வீட்டுக்கு எடுத்துப் போவார், அடுத்த முறை வரும்போது கொண்டு வருவார். அவர் வீட்டில் எப்போதும் 18 இருக்கிறது. வாடிக்கையாளரைப் பொறுத்தவரை அதுவும் கடைக்குள் இருப்பதுதான். 45 + 18 = 63, ஆக 7 நாள். எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று முதலில் முடிவு செய்யாவிட்டால் விதி தப்பான விடையையும் நம்பும்படியாகத் தரும்.

இந்த விதியை ஒரு கட்டத்துக்கு மட்டும் தனியாகவும் போடலாம். தைத்து முடிந்து, அந்த அம்மாவுக்காக அலமாரியில் காத்திருந்தவை சராசரியாக 9. அவர் வீட்டில் 18. மொத்தம் 27, வகுத்தால் 3 நாள். வேலை என்று பார்த்தால் ஒரு பிளவுஸுக்குச் சில நிமிடங்கள்தான், ஆனால் ஏழு நாளில் மூன்று நாள் அங்கே போகிறது! இப்போது தினமும் எடுத்துப் போய் மறுநாளே தருகிறார். அந்தக் கட்டத்தில் 14 போலத்தான் நிற்கிறது, அதாவது சுமார் ஒன்றரை நாள். கூடுதல் ஆள் வைக்கவில்லை, தையலும் வேகமாகவில்லை.

எங்கே இது கைவிடும்? வருவதும் போவதும் ஓரளவு சமமாக இருக்க வேண்டும். நான் எண்ணத் தொடங்கியபோது கைவசம் 61, முடித்தபோது 64. அதனால் நம்பலாம். தீபாவளிக்கு முன் அப்படி இல்லை. நாளுக்கு 20 வரும், தைத்து வெளியே போவது அதே 9. ஒரு நாள் இரவு 100 நிற்கிறது என்றால் 100 ÷ 20 = 5 நாள் என்று வரும். அது பொய். வரிசைப்படி தைத்தால், இப்போது கொடுக்கிறவருக்கு முன்னால் இருக்கும் 100-ஐ நாளுக்கு 9 வீதம் முடிக்க வேண்டும், ஆக 11 நாள். குவியல் வளரும்போது வருகிற வேகத்தால் வகுக்காதீர்கள், போகிற வேகத்தால் வகுத்துத் தேதி சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று, W வெறும் சராசரி. கல்யாண அவசரம் என்று ஒருவருடையதை இரண்டே நாளில் தைத்துக் கொடுத்தால் சராசரி பெரிதாக மாறாது. பின்னால் தள்ளப்பட்டவருக்கு ஒன்பது, பத்து நாள் ஆகியிருக்கும், அது இந்தக் கணக்கில் தெரியாது. அதற்கு பில் தேதியைத்தான் பார்க்க வேண்டும்.