கார் ஷெட் தரையில் ஊறிய எஞ்சின் ஆயில்: மாவுப்பற்று போட்டு இழுப்பது எப்படி?

கேள்வி: எங்கள் கார் ஷெட் கான்கிரீட் தரையில் எஞ்சின் ஆயில் சொட்டிச் சொட்டி, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கறுப்பாக நிற்கிறது. ஆறு மாசமாச்சு. சோப்புத்தூள், மண்ணெண்ணெய், பாத்ரூம் ஆசிட் எல்லாம் போட்டுப் பார்த்தேன், போகவில்லை. என்ன செய்யலாம்? (வாசகர், தக்கலை)

பதில்: ஆசிட்டை இனி தொடாதீர்கள். அது எண்ணெயை ஒன்றும் செய்யாது, சிமெண்டைத்தான் தின்னும். விரலால் தேய்த்தால் மணல் உதிர்கிறது என்றால் மேல்பூச்சு அரிபட்டுவிட்டது. இனி அந்த இடம் எண்ணெயை இன்னும் வேகமாகக் குடிக்கும். மண்ணெண்ணெய் செய்தது வேறு வேலை. கெட்டி ஆயிலை இளக்கி, தரைக்குள் இன்னும் ஆழமாக இறக்கியிருக்கும். அதனால் ஒரே தடவையில் போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கைப்பிடி சலவை சோடா கரைத்து ஊற்றி, மிச்சமிருக்கும் ஆசிட்டை முறித்துக் கழுவிவிடுங்கள். தரை நன்றாகக் காயட்டும். ஒழுகுகிற காரையும் சரிசெய்துவிடுங்கள். சரியாகும் வரை அடியில் ஒரு அட்டை கிடக்கட்டும்.

இனி டீக்ரீசர். தண்ணீரில் கலக்கும் காரவகை டீக்ரீசர் வாங்குங்கள். கலக்கும் விகிதம் டப்பாவில் இருக்கும். பழைய கறைக்கு அதில் சொன்ன கெட்டியான அளவே சரி. கறையின் மேல் ஊற்றி 15 நிமிடம் ஊறவிடுங்கள். நடுவில் காயத் தொடங்கினால் கொஞ்சம் கூட ஊற்றுங்கள். காய்ந்துவிட்டால் இளகிய எண்ணெய் திரும்பவும் அதே இடத்தில் ஒட்டிக்கொள்ளும். நைலான் பிரஷ்ஷால் அழுத்தித் தேயுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம்: உடைந்த கம்பித்துணுக்குகள் தரையில் தங்கி, நம் ஊர் ஈரக்காற்றில் துருப்பிடித்து, எண்ணெய்க் கறைக்குப் பக்கத்திலேயே செம்புள்ளிகளை உண்டாக்கும். ரப்பர் கையுறை கட்டாயம்.

தேய்த்ததும் ஹோஸ் பிடித்து அடிக்காதீர்கள். நுரைக் கலங்கலை மரத்தூள் தூவி உறிஞ்சவிட்டு உடனே வாரிவிடுங்கள், பிறகுதான் தண்ணீர். மரத்தூளோ தென்னைநார்க் கழிவோ, ஈரத்தோடு ராத்திரி முழுவதும் கிடந்தால் அதன் சாயம் தரையில் பழுப்பாக இறங்கும். கிணற்றுப் பக்கம் ஓடும் வாய்க்காலில் இந்தக் கழிவுநீரை விட வேண்டாம்.

இவ்வளவும் மேல்மட்ட எண்ணெயைத்தான் எடுக்கும். உள்ளே போனதை இழுக்க மாவுப்பற்று போட வேண்டும். பெயிண்ட் கடையில் கிடைக்கும் டால்க் பவுடர் ஒரு கிலோ எடுத்து, டீக்ரீசரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசையுங்கள். ஏறக்குறைய 400 மில்லி பிடிக்கும். பதம் வடை மாவு மாதிரி: எடுத்து வைத்தால் வழியாமல் உட்கார வேண்டும். தோசை மாவு பதமானால் ஓடிப் பரவி, கறையையும் அகலமாக்கும். காய்ந்த தரையில், கறையைத் தாண்டி இரண்டு விரல் அகலம் கூடுதலாக, கால் அங்குல கனத்தில் அப்புங்கள். காற்று புகாமல் அழுத்தி பாலித்தீன் ஷீட் போட்டு, ஓரத்தை டேப் ஒட்டுங்கள்.

24 மணி நேரம் மூடியிருக்கும்போது டீக்ரீசர் உள்ளே இறங்கி எண்ணெயை இளக்கும். ஆனால் உறிஞ்சுவது அதற்கு அப்புறம், ஷீட்டை எடுத்த பிறகு. பற்று மேலிருந்து காயக் காய, ஈரம் கீழிருந்து மாவுக்குள் ஏறும். எண்ணெயும் கூடவே வரும். பலர் ஷீட்டை எடுத்ததுமே ஈரமாகச் சுரண்டிக் கழுவிவிட்டு, 'பலன் இல்லை' என்பார்கள். பற்று வெடித்து, ஓரம் தூக்கி நிற்கும் வரை விடுங்கள். பங்குனி வெயிலில் ஒரு நாள் போதும். ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் காயவே காயாது. அப்போது தொடங்காமல் இருப்பதே நல்லது.

பட்டித் தகட்டால் சுரண்டி அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மஞ்சளோ பழுப்போ ஏறியிருந்தால் இன்னும் எண்ணெய் வருகிறது என்று அர்த்தம். புது மாவில் இன்னொரு பற்று போடுங்கள். பழைய மாவைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது, அடுப்பிலும் போடக் கூடாது. பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். உங்கள் தரைக்கு இரண்டு மூன்று பற்று ஆகலாம்.

நன்றாகக் காய்ந்த பிறகு அங்கே சில துளி தண்ணீர் விடுங்கள். முத்தாக உருண்டு நின்றால் எண்ணெய் மிச்சம் இருக்கிறது. பக்கத்துத் தரை போலவே உறிஞ்சினால் வேலை முடிந்தது. மூன்று பற்றுக்குப் பிறகும் மங்கலாக ஒரு நிழல் நிற்கக்கூடும். துளி உறிஞ்சப்படுகிறது என்றால் அந்த நிழலை விட்டுவிடுங்கள். எபாக்சி பெயிண்ட் அடிக்கும் யோசனை இருந்தால் மட்டும், துளி உருளாத நிலை வரும்வரை பொறுங்கள். எண்ணெய் மிச்சமிருக்கும் இடத்தில் பெயிண்ட் தோல் தோலாக உரிந்துவிடும்.