உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் பழைய நண்பர்கள் ஏழு பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் ஒருவன் எப்போதும் கலகலப்பாக இருப்பவன், சில நாட்களாகப் பேசவில்லை. ஏன் என்று குழுவில் யாரோ கேட்டார்கள். ‘மூணாவது இன்டர்வியூவும் ஊத்திக்கிச்சு, அதான் சார் மௌன விரதம்’ என்று போட்டுவிட்டேன். பத்து நிமிடத்தில் அவன் எனக்குத் தனியாக அனுப்பினான்: ‘உன்கிட்ட மட்டும்தான் சொன்னேன்.’ நான் உடனே, ‘டேய், ஜோக்குடா. ஹர்ட் ஆகியிருந்தா சாரி’ என்று பதில் போட்டு, குழுவில் இருந்ததையும் அழித்தேன். நான்கு நாளாகப் பதிலே இல்லை. நீளமாக ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கிறேன், இணைத்துள்ளேன். அனுப்பலாமா?

கே.

அன்புள்ள கே.,

அனுப்ப வேண்டாம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ‘ஜோக்’, ‘விளையாட்டு’, ‘கிண்டல்’ என்று ஐந்து இடங்களில் வருகிறது. அவர் எழுதிய ‘உன்கிட்ட மட்டும்தான்’ ஓரிடத்தில்கூட இல்லை. அவர் கிண்டலைப் பற்றிப் புகாரே சொல்லவில்லை. நம்பிச் சொன்னதை வெளியே போட்டுவிட்டீர்கள் என்பதுதான் அவருடைய வருத்தம். அதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

எழுத்தில் தொனி தவறிப்போகும் என்பது உண்மைதான். 2005இல் க்ரூகர், எப்லி முதலியோர் வெளியிட்ட ஓர் ஆய்வில், தாங்கள் சொல்வது கேலியா நிஜமா என்று 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்ளப்படும் என்று அனுப்பியவர்கள் நினைத்தார்கள். குரலில் கேட்டவர்கள் 73 சதவீதம் சரியாகக் கண்டுபிடித்தார்கள். மின்னஞ்சலில் படித்தவர்கள் 56 தான், ஏறக்குறைய பூவா தலையா போட்டுப் பார்ப்பது மாதிரி. ஆனால் இந்தச் சாக்கு உங்களுக்கு உதவாது. நீங்கள் கேலியாகத்தான் எழுதினீர்கள் என்பது அவருக்கு நன்றாகவே புரிந்திருக்கும். அப்படிப் புரிந்தும் வலித்திருக்கிறது.

அப்புறம் அந்த ‘ஹர்ட் ஆகியிருந்தா’. எனக்கும் ஒருமுறை இதே மாதிரி ஒரு சாரி வந்தது. அதைப் படித்தபோது, காயம் பட்டதா இல்லையா என்று நான்தான் நிரூபிக்க வேண்டும்போல இருந்தது. ‘இருந்தா’ என்று சொன்னதும் தவறு சந்தேகத்துக்குரியதாகிவிடுகிறது, மன்னிப்பும் கூடவே கரைந்துவிடுகிறது.

நானாக இருந்தால் இவ்வளவுதான் எழுதுவேன்:

‘உன் இன்டர்வியூ விஷயத்தை என்கிட்ட மட்டும்தான் சொன்ன. அதை நான் எல்லார் முன்னாலயும் போட்டுட்டேன். அது தப்பு. அன்னிக்கு ஜோக்னு சொல்லி மழுப்பினதும் தப்பு. குழுவில் அழிச்சுட்டேன், ஆனா பார்த்தவங்க பார்த்திருப்பாங்க. அங்க நான் ஏதாவது சொல்லணுமா, பேசாம இருக்கணுமான்னு நீயே சொல்லு. இதுக்கு இப்பவே பதில் போடணும்னு இல்ல.’

ஏன் செய்தீர்கள் என்ற விளக்கம் இதில் இல்லை, அவர் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். ‘மன்னிச்சுடு’ என்பதையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். லெவிக்கியும் சகாக்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், மன்னிப்புக் கோரலின் ஆறு கூறுகளில் பொறுப்பை ஏற்பதே மிக முக்கியமானதாகவும், அடுத்து சரிசெய்ய முன்வருவதாகவும் வந்தது. மன்னிக்கும்படி கேட்பது கடைசியில் நின்றது. நான்கு நாள் புண்பட்டுக் கிடப்பவரிடம் ‘மன்னிச்சியா?’ என்று கேட்டால், உங்களைத் தேற்றும் வேலையையும் சேர்த்து அவர் தலையில் கட்டுகிறீர்கள்.

குழு விஷயத்தை அவரிடம் விடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு செய்தியை எல்லோருக்குமாக அழித்தால், அழிக்கப்பட்டது என்ற குறிப்பு அங்கேயே தங்கிவிடும். பார்க்காதவர்கூட என்னவென்று கேட்பார். அதன் மேல் நீங்களாகவே போய் உருக்கமாக மன்னிப்புக் கேட்டால், தெரியாமலிருந்த ஓரிருவருக்கும் இன்டர்வியூ கதை தெரிந்துவிடும். பகிரங்கமாகச் செய்த தப்பைப் பகிரங்கமாகத்தான் திருத்த வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இங்கே அது இரண்டாவது முறை போட்டுடைப்பதாகிவிடும்.

போன் செய்யட்டுமா என்று தோன்றலாம். முதலில் வேண்டாம். போனில் அவர் அந்த நொடியே ஏதாவது சொல்லியாக வேண்டும், பெரும்பாலும் ‘பரவாயில்லடா, விடு’ என்றுதான் வரும். அன்றைக்கே அந்தப் பதில் வந்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பேச்சை முடிப்பதற்கும் அப்படிச் சொல்வதுண்டு. நீல டிக் வந்தும் பதில் வராவிட்டால் ‘?’ அனுப்பாதீர்கள். பொதுவான நண்பர் யாரையும் தூது விடாதீர்கள், விட்டால் கதை இன்னொருவர் காதுக்கும் போகும்.

அவர் குழுவுக்குத் திரும்பி வரலாம், எல்லோரிடமும் சிரித்துப் பேசலாம், உங்களிடம் மட்டும் வானிலை பேசுவதுபோலப் பேசலாம். மாதக்கணக்கில் அப்படியே நீடிக்கலாம். பழையபடி ஆகவில்லையே என்று அவரிடமே குறைபடாதீர்கள். இடையில் யாராவது உங்களிடம் ‘அவனுக்கு வேலை விஷயம் என்னாச்சு?’ என்று கேட்பார்கள். உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் ‘அவன்கிட்டயே கேளு’ என்று சொல்லிவிடுங்கள். நான்காவது இன்டர்வியூ எப்போது என்று நீங்களும் கேட்டுவிடாதீர்கள். சொல்லத் தோன்றும் நாளில் அவரே சொல்லட்டும்.